பொறுமை யாருக்கு வேண்டும்?

வீடியோ காலில் வயதானவர்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். எனக்கு அந்தப் 'பொறுமை' என்ற சொல்லே ஒவ்வாது. தப்பு அவர்களுடையது, நாம் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துப்போகிறோம் என்கிற தொனி அதில் இருக்கிறது. தப்பு யாருடையது என்று முதலில் பார்த்துவிடலாமே.

நியூ ஜெர்சியிலிருந்து பேரன், தேவகோட்டையில் இருக்கும் அப்பத்தாவைக் கூப்பிடுகிறான். "அப்பத்தா, நல்லா இருக்கீங்களா?" நெட் மந்தமான நாளில் இது போய்ச்சேர அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் காதில் வாங்கி, பேரன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிக்க ஒரு நொடி. அந்தப் பதில் திரும்பி வர இன்னொரு அரை நொடி. மொத்தம் இரண்டு நொடி. பேரனால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது. ஒன்றரை நொடியிலேயே "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்கிறான். அப்பத்தா அங்கே பேச ஆரம்பித்து அரை நொடி ஆனதும் இந்தக் 'கேக்குதா' அவருடைய ஸ்பீக்கரில் வந்து விழுகிறது. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி எதிரொலிக்காமல் இருக்க, போனில் அதை அமுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் அது பல சமயம் அப்பத்தாவின் குரலையும் சேர்த்தே அமுக்கிவிடும். பேரன் குறுக்கே பேசுகிறானே என்று அவரும் மரியாதைக்கு நிறுத்திக்கொள்கிறார். இவனுக்கு வந்து சேருவது "நல்..." மட்டும்தான். உடனே தீர்ப்பு: "அப்பத்தாவுக்கு போன் பேசத் தெரியல."

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் G.114 பரிந்துரைப்படி, குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் பேச்சு பெரும்பாலும் இயல்பாக நடக்கும். 400ஐத் தாண்டக் கூடாது. இங்கே 500. கோளாறு கம்பியில். பழி கிழவி மேல்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு வெறும் காதைக் காட்டுகிறார் என்று சிரிக்கிறோம். இத்தனை வருஷமாக போன் என்றால் காதில் வைப்பதுதான் என்று பழக்கியது யார்? "கேமராவைத் திருப்புங்க, ஸ்க்ரீனைத் தொடுங்க" என்றெல்லாம் கத்துவதை விட, "முகம் பாக்குற கண்ணாடி மாதிரி எட்டப் பிடிங்க அப்பத்தா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவருக்குத் தெரிந்த பொருளை வைத்துச் சொல்லுங்கள், கை தானாக நகரும்.

நிஜமாகவே காது மந்தமானவர்களும் உண்டு, மறுக்கவில்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பதில் தாமதமாக, ஆனால் சரியாக வந்தால் அது நெட். 'சாப்பிட்டீங்களா' என்றால் 'மழையே இல்லப்பா' என்று வந்தால் அது காது. காது என்றால் கத்தாதீர்கள், கத்தினால் சின்ன ஸ்பீக்கரில் சொல் இன்னும் உடையும். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். நெட் என்றால் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மூன்று எண்ணிக்கை அப்பத்தாவுக்குக் காட்டும் கருணை இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கம்பிக்குக் கொடுக்க வேண்டிய நேரம், அவ்வளவுதான்.