மூணுக்கும் நாலுக்கும் நடுவில் வரும் பூஜ்யம்

இந்த வார எபிசோடில் கவுன்ட்டர் பற்றிப் பேசினோம். அங்கே நேரம் பத்தாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறேன். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். "சிங்க்ரனஸ் கவுன்ட்டர் போட்டா க்ளிட்ச் வராது" என்று வகுப்பில் சொல்லித் தர்றாங்களே, அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரும் சொல்லாததால்தான் இன்னிக்கும் அதே தப்பு கோடில் நடக்குது.

பழைய 7490 சிப்பை எடுத்துக்கலாம். 0-லிருந்து 9 வரை எண்ணும், பிறகு 0-க்குத் திரும்பும். உள்ளே நாலு ஃப்ளிப்-ஃப்ளாப். ஏ என்பது 1, பி என்பது 2, சி என்பது 4, டி என்பது 8. வெளியிலிருந்து வரும் க்ளாக் ஏ-க்கு மட்டும்தான் போகுது. ஏ கீழே விழும்போது பி-யைத் தட்டி எழுப்பும், பி விழும்போது சி-யை எழுப்பும். வரிசையில் நிக்கிறவங்க காதோடு காதா சேதி சொல்ற மாதிரி. ஒவ்வொரு கைமாறலுக்கும் எல்எஸ் வகைச் சிப்பில் சுமார் 10 முதல் 20 நானோசெகண்ட் ஆகும்.

இப்போ 3-லிருந்து 4-க்குப் போறதை மெதுவா ஓட்டிப் பார்ப்போம். டி, சி, பி, ஏ என்ற வரிசையில் எழுதினால் 3 என்பது 0011. பல்ஸ் வந்ததும் முதலில் ஏ மட்டும் விழுது: 0010, அதாவது 2. கொஞ்சம் கழிச்சு பி விழுது: 0000, அதாவது 0. அதுக்கப்புறம்தான் சி எழும்புது: 0100, அதாவது 4. ஆக, இந்தக் கவுன்ட்டர் 3-லிருந்து நேரா 4-க்குப் போறதே இல்லை. 3, 2, 0, 4 என்று சுத்திட்டுத்தான் போகுது.

இதை எல்ஈடி எண் பலகையில் பார்த்தா ஒண்ணும் தெரியாது. 10 நானோசெகண்டை நம்ம கண் பிடிக்காது. வெறும் டிஸ்ப்ளேக்கு 7490 போதும், அதைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நாலு பிட்டையும் 7442 டீகோடருக்குக் கொடுத்து, அது தரும் சிக்னலை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தும்போதுதான் வம்பு.

ஒரு உதாரணம். 7442-ல் பத்து அவுட்புட் உண்டு. எந்த எண் வருதோ அந்தக் கால் மட்டும் கீழே இறங்கும். "பூஜ்யம் வந்தா பத்து முடிஞ்சது, அதையே பத்துகளை எண்ணும் அடுத்த 7490-க்கு க்ளாக்கா கொடுத்துடலாமே" என்று ஒருத்தர் யோசிக்கிறார். நியாயமான யோசனை மாதிரிதான் தெரியும். ஆனா பூஜ்யக் கால் எத்தனை தடவை கீழே விழுது? 9-லிருந்து 0-க்கு வரும்போது ஒண்ணு, அது சரியானது. 3-லிருந்து 4-க்குப் போகும்போது ஒண்ணு, மேலே பார்த்தோம். 1-லிருந்து 2-க்குப் போகும்போது இன்னொண்ணு, ஏன்னா ஏ விழுந்து பி எழும்புறதுக்கு நடுவில் 0000. மொத்தம் மூணு. பத்து பல்ஸ் கொடுத்தா 10 காட்ட வேண்டிய சர்க்யூட் 30 காட்டலாம்.

"காட்டலாம்" என்றுதான் சொல்ல முடியும். அந்தப் போலி பல்ஸ் ரொம்பக் குறுகலானது. அடுத்த சிப் அதைப் பிடிக்கலாம், விடலாம். ஒரு போர்டில் 10, பக்கத்துப் போர்டில் 20, சூடானதும் 30. ஆள் தன் சோல்டரிங்கைத்தான் சந்தேகப்படுவார். கையில் இருக்கிற மலிவான 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசரும் உதவாது. அது 42 நானோசெகண்டுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும், 10 நானோசெகண்ட் திருடன் நடுவில் தப்பிச்சிடுவான். குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப் வேணும். பூஜ்யக் காலில் ப்ரோபை வைத்து, விழும் எட்ஜில் ட்ரிகர் பண்ணி, ஏ கால் அதே நேரம் என்ன செய்யுதுன்னு சேர்த்துப் பாருங்க.

சிலர் அந்தக் காலில் ஒரு கெபாசிட்டரைப் போட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அது பிடிக்காது. க்ளிட்ச் குறையும், ஆனா சரியான பல்ஸின் எட்ஜும் சரிவாயிடும். அப்படி மெதுவா இறங்கும் சிக்னலை அடுத்த சிப் ரெண்டு மூணு தடவை எண்ண வாய்ப்பு உண்டு.

சிங்க்ரனஸ் கவுன்ட்டர், உதாரணமா 74160, வேறு வழியில் போகுது. ஒரே க்ளாக் நாலு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் நேராப் போகும். யார் மாறணும் என்பது பல்ஸ் வரும் முன்பே முடிவாகி இருக்கும். ஏ எப்பவும் மாறும். ஏ 1-ஆக இருந்து, டி 0-ஆக இருந்தா பி மாறும். ஏ, பி ரெண்டும் 1 என்றால் சி மாறும். எண் 3-ல் நிற்கும்போதே ஏ, பி, சி மூணும் தயாரா இருக்கும். விசில் அடிச்சதும் ஒண்ணா மாறும். தாமதம் ஒருத்தருக்கானதுதான், கூட்டிக்கிட்டே போகாது.

இங்கேதான் விட்டுப்போன பாதி. மூணு பேரும் "ஒண்ணா" மாறுறாங்க என்றாலும் ஓரிரு நானோசெகண்ட் முன்பின் இருக்கும். டீகோடருக்குள்ளும் ஒவ்வொரு பாதைக்கும் தாமதம் வேறு. அதனால் டீகோடர் அவுட்புட்டில் சின்ன க்ளிட்ச் இன்னும் வரலாம். 74160-ன் டேட்டா ஷீட்டே, கேரி அவுட்புட்டில் இப்படி ஸ்பைக் வரலாம் என்று ஒத்துக்குது. அப்போ எப்படித் தப்பிக்குது? அடுத்த 74160-க்கு அந்தக் கேரியை க்ளாக்கா கொடுக்காம, எனேபிளா கொடுப்பாங்க. க்ளாக் ரெண்டுக்கும் பொது. க்ளிட்ச் எல்லாம் எட்ஜுக்கு அடுத்த சில நானோசெகண்டில் நடந்து முடிஞ்சிடும். 1 மெகாஹெர்ட்ஸில் அடுத்த எட்ஜுக்கு 1000 நானோசெகண்ட் இருக்கு. அது வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும், யாரும் பார்க்காத க்ளிட்ச் யாரையும் கெடுக்காது.

காண்ட்ராக்ட் வேலையில் அடுத்தவங்க கோடைப் படிக்கிறதுதான் என் பிழைப்பில் பாதி. வெரிலாகில் `always @(posedge zero)` மாதிரி ஒரு வரியைப் பார்த்தா எனக்கு அந்த 30 தான் ஞாபகம் வரும். டீகோட் பண்ணின சிக்னலை க்ளாக்கா வைக்கிறது அதே 7442 வேலைதான், சிப் மட்டும் புதுசு. இப்படி எழுதுங்க:

```verilog
always @(posedge clk)
  if (units == 9) begin
    units <= 0;
    tens  <= tens + 1;
  end else
    units <= units + 1;
```

ஒரே `clk`. `units == 9` வெறும் அனுமதி, அது நடுவில் எத்தனை தடவை துடிச்சாலும் எட்ஜ் வரும்போது என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. (`tens` 9-ஐத் தாண்டுறதை இங்கே விட்டிருக்கேன்.)

சிங்க்ரனஸ் கவுன்ட்டரின் பெருமை க்ளிட்ச் இல்லாதது அல்ல, க்ளிட்சுக்கு ஓட்டுரிமை இல்லாதது. உங்க ப்ராஜெக்டில் `posedge` என்று தேடிப் பாருங்க. `clk` தவிர வேறு பேர் வந்தா, அந்த சிக்னல் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பிலிருந்து நேரா வருதா, கேட்களைத் தாண்டி வருதா என்று கேளுங்க. கேட்களைத் தாண்டி வந்தா அதை `if`-க்குள் தள்ளுங்க.