குழி விழாத காலுக்கு என்ன குற்றம்?

ஆம்பூரில் என் அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு ஈரக்கால் தடம் விழுந்தது. அதைப் பார்த்து வீடே கலங்கிவிட்டது. அக்காவின் பேரனுக்கு நாலு வயது. தண்ணீர்த் தொட்டியில் ஆடிவிட்டு சிமெண்ட் தரையில் ஓடியிருக்கிறான். தடத்தின் நடுவே இருக்க வேண்டிய குழி இல்லை. பாதம் முழுவதும் அப்படியே பதிந்திருந்தது. அவன் அம்மா ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். "மாமா, இவனுக்கு ஃபிளாட் ஃபுட். பெரியவன் ஆனா போலீஸ்ல எடுக்க மாட்டாங்களாம். இப்பவே சரி பண்ணணுமாம்" என்றாள். சொன்னது ஒரு கடைக்காரர். உள்ளே கெட்டியாக மேடு வைத்த 'மெடிக்கல் ஷூ' ஒன்றையும் விற்றிருந்தார். விலை அவளுடைய பத்து நாள் கூலி. பையன் அதைப் போட்டுக்கொண்டு கெந்திக் கெந்தி நடந்தான். கழற்றிப் போட்டதும் ஓடினான்.

தட்டைப் பாதம் ஒரு குறை, சின்ன வயதிலேயே மேடு வைத்த ஷூவைப் போட்டால் வளைவு வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவருக்குப் பின் கரிகிரி மருத்துவமனையும், தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன கால்களுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு செய்துகொடுத்தார்கள். அந்த எம்.சி.ஆர். செருப்பு எத்தனையோ கால்களைப் புண்ணிலிருந்து காத்தது. வலி தெரியாத காலுக்குச் செருப்பு மருந்துதான். அந்த நற்பெயரைத்தான் இன்று துள்ளி ஓடும் நாலு வயதுக் காலுக்கு நீட்டி விற்கிறார்கள்.

பிறக்கும்போது யாருக்கும் பாதத்தில் குழி தெரியாது. நடக்கத் தொடங்கும் குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை ஒன்று குழியை நிரப்பிக்கொண்டிருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்வாக இருப்பதால், எடை ஏறியதும் வளைவு அமுங்கும். மூன்று வயதுப் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி இப்படித்தான் நிற்பார்கள். முதல் பத்து வருடங்களில் பெரும்பாலோருக்கு வளைவு தானாக எழும்பும். சிலருக்கு எழும்பாது, அவர்களிலும் அனேகம் பேர் வலியில்லாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

தானாக எழும்புவதை ஷூ எழுப்பியதாகக் காட்டுவது எளிது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெங்கர் என்ற எலும்பு மருத்துவரும் அவரது குழுவும் 1989இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அது. 129 குழந்தைகளை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் திருத்தும் ஷூ, ஒன்றுக்குக் குதிகால் கிண்ணம், ஒன்றுக்கு அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் இன்சோல், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. மூன்று வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நாலு கூட்டத்திலும் வளைவு கூடியிருந்தது. ஒன்றும் போடாதவர்களும் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. அந்தக் கூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் மற்ற மூன்றும் வெற்றி என்றே ஊரெல்லாம் பேசியிருக்கும்.

நம் பக்கத்திலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. கர்நாடகத்து மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் கால் தடம் எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. இது ஒரு கணக்கெடுப்பு மட்டுமே. ஷூதான் காரணம் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. வேலூர் வெயிலிலும் கண்ணாடிச் சில்லிலும் பிள்ளையை வெறுங்காலோடு விரட்டச் சொல்லவும் இல்லை. ஆனால் ஷூ போடப் போட வளைவு வளரும் என்பவர் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்க்காரனாக இதை எழுத எனக்குச் சங்கடம்தான்.

அக்கா வீட்டில் அன்று நான் செய்தது இரண்டே காரியம். பையனை என் பக்கம் முதுகு காட்டி நிற்கவைத்து, அலமாரியின் மேல்தட்டிலிருக்கும் முறுக்கு டப்பாவை எட்டச் சொன்னேன். நுனிக்காலில் எழும்பினான். உள்ளங்காலில் குழி அழகாக விழுந்தது. வெளியே சாய்ந்திருந்த குதிகால்கள் உள்ளே திரும்பின. பிறகு அவனை நேராக நிற்கவைத்துக் கால் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கினேன். மறுபடியும் குழி. வளையக்கூடிய தட்டைப் பாதம் என்று இதற்குப் பெயர். வலி இல்லை, ஓட்டம் குறையவில்லை, இரண்டு காலும் ஒரே மாதிரி. இதற்கு ஷூவும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம்.

போலீஸ் வேலை பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தேர்வுக்கும் விதி வேறு. ஆனால் தேசிய பாதுகாப்பு அகாதெமிக்கான மருத்துவ விதியே, நுனிக்காலில் நின்றால் வளைவு திரும்புகிற, வலியில்லாத, நன்றாகக் குதித்தோடுகிற காலை ஏற்றுக்கொள்கிறது. அது தள்ளுவது விறைத்த காலை.

அந்த விறைத்த கால்தான் என் கோபத்துக்கு உண்மையான காரணம். அதே தெருவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இடது பாதம் மட்டும் தட்டை. கிரிக்கெட் ஆடினால் கணுக்கால் பிசகும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு 'ஃபிளாட் ஃபுட்தானே' என்று இன்சோல் வாங்கினார்கள், ஒரு ஜோடி தேய்ந்து இன்னொன்று. வலி கூடியது. நுனிக்காலில் நிற்கச் சொன்னால் அந்தக் காலில் குழி விழவில்லை, குதிகாலும் திரும்பவில்லை. குதிகாலைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் அசைவே இல்லை. சாய்வாக எடுத்த எக்ஸ்ரேயில் விஷயம் தெரிந்தது: தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு பாத எலும்புகளுக்கு நடுவே ஒரு பாலம். பிறவியிலேயே இருப்பது. சின்ன வயதில் குருத்தெலும்பாக இருப்பதால் தொந்தரவு தராது. இந்த வகைப் பாலம் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எலும்பாக இறுகும்போது பாதம் விறைத்து வலிக்கத் தொடங்கும். வேறு மூட்டில் இருந்தால் இன்னும் தாமதமாக வெளிப்படும், சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். இவனுக்கு முதலில் மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தார்கள். அடங்காததால் பாலத்தை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டாமலிருக்க இடையில் கொழுப்பு வைத்துத் தைத்தார்கள். இன்சோலில் போனது ஒன்றரை வருடம்.

குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாண் இழுத்துக்கொண்டிருந்தாலும் கவனிக்க வேண்டும். முழங்காலை நீட்டிவைத்தபடி பாதத்தை மேலே மடக்கினால் செங்கோணத்தைத் தாண்டி வரவேண்டும். வராத காலுக்குக் கெட்டி மேட்டைச் செருகினால் வலி கூடும். அதற்கு வேண்டியது நீட்டுப் பயிற்சி. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் தொட்டில் கட்டைபோல வெளியே புடைத்து விறைப்பாக இருந்தால், அதை அப்போதே காட்ட வேண்டும். வலி, விறைப்பு, ஒரு கால் மட்டும், வயது ஏற ஏற மோசமாவது: எலும்பு மருத்துவரிடம் போகச் சொல்பவை இவை. வளையும் பாதம் வலித்தால் மெத்தென்ற இன்சோல் வலியைக் குறைக்கலாம். வளைவை அது உண்டாக்காது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மேடு வைத்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன், பிள்ளையை ஒரு தடவை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். குழி விழுந்தால் சாதாரணச் செருப்பு ஒன்றை விற்றுவிடுங்கள். விழாவிட்டால் எதையும் விற்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.