"பகுப்பாய்வு" - இதெல்லாம் ஒரு தலைப்பா?

கல்லூரி செமினார்களில் காட்டப்படும் ஸ்லைடுகளின் தலைப்பை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'அறிமுகம்', 'விற்பனை நிலவரம்', 'விகிதப் பகுப்பாய்வு', 'முடிவுரை'. நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டால் இதே தலைப்புகள் அடுத்த குழுவுக்கும் அப்படியே பொருந்தும். (பல சமயம் அப்படித்தான் பொருந்தியும் இருக்கிறது, அது வேறு கதை.)

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது, தலைப்பை ஒரு முழு வாக்கியமாக எழுதுவது. அந்த ஸ்லைடைப் பார்த்தவர் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டுமோ, அதுவே தலைப்பு. கீழே உள்ள அட்டவணையையோ வரைபடத்தையோ தொடக்கூடாது. கேட்க சுலபம், செய்யும்போதுதான் சிக்கல்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடின் தலைப்பு 'கடனாளிகள் விகிதம்'. கீழே மூன்று வருடக் கணக்கு. விற்பனை 40, 46, 52 லட்சம், எல்லாமே கடன் விற்பனை. வருடக் கடைசியில் வரவேண்டிய பாக்கி 5, 8, 13 லட்சம். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் பணம் வசூலாக எத்தனை நாள் ஆகிறது என்று வரும். முதல் வருடம் 46 நாள், அடுத்து 63, கடைசியில் 91.

முதல் முயற்சியில் பலரும் எழுதுவது: 'வசூலாகும் நாட்கள் அதிகரித்துள்ளன'. வாக்கியம்தான், ஆனால் பத்து நாளா நூறு நாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் துணிச்சல்காரர் எழுதுவது: 'வசூல் பிரிவு சரியாக வேலை செய்யவில்லை'. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஸ்லைடில் அப்படி எங்கே இருக்கிறது? விற்பனையைக் கூட்டுவதற்காகக் கம்பெனியே கடன் கெடுவை 45 நாளிலிருந்து 90 நாளாக நீட்டியிருக்கலாமே! காரணத்தைச் சொல்ல இந்த அட்டவணைக்குச் சக்தி இல்லை. அது தாங்கக்கூடிய தலைப்பு இதுதான்: 'விற்பனை 30 சதவீதம் கூடியது, பணம் வசூலாகும் காலம் 46 நாளிலிருந்து 91 நாளாக இரட்டித்தது'. இரண்டு வரிக்குள் அடங்குகிறது, ஒவ்வொரு எண்ணையும் கீழே விரல் வைத்துக் காட்டலாம். விரல் வைக்க இடமில்லாத சொல் தலைப்பில் இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதற்கு, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் பலியான கொலம்பியா விண்கல விபத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பும்போது, வெளித் தொட்டியிலிருந்து உடைந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகள் தயாரித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு வெறும் 'பகுப்பாய்வு' அல்ல. சோதனைத் தரவுகளை மறுபடி பார்த்ததில், வெப்பத்தைத் தடுக்கும் ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு எச்சரிக்கையான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற பொருளில், முடிவைச் சொல்லும் தலைப்பு. படிப்பவருக்கு 'பயமில்லை' என்றுதான் கேட்கும்.

அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது வேறு. உண்மையில் நடந்த மோதல் சோதனை வரம்புக்கு வெகு வெளியே இருக்கிறதாம். மோதியதாகக் கணித்த துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதித்த துண்டு வெறும் 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! எட்வர்ட் டஃப்டி இந்த ஒரு ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார், விபத்தை ஆராய்ந்த குழுவும் 2003 ஆகஸ்ட் அறிக்கையில் அதைச் சேர்த்துக்கொண்டது.

கீழே ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இதற்கு வேறு தலைப்பு வைக்கலாம்: 'மோதிய துண்டு சோதித்ததைப்போல் 640 மடங்கு, நம் சோதனைகள் இதற்குப் பதில் சொல்லாது'. அப்படி எழுதியிருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அடிபட்டது ஓடுகள்கூட அல்ல, இறக்கையின் முன்விளிம்பு. ஆனால் கூட்டத்தில் இருந்த யாராவது ஒருவர் 'அப்படியானால் படம் எடுத்துப் பார்க்கலாமே' என்று கேட்க வழி இருந்திருக்கும்.

எனவே வாக்கியமாக எழுதிவிட்டாலே நல்ல தலைப்பு என்ற பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. 'பகுப்பாய்வு' என்று போட்டால் கேட்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டாவது அட்டவணையைப் பார்ப்பார். தப்பான வாக்கியத்தைப் போட்டால் அதையும் பார்க்க மாட்டார். சரிபார்க்கச் சின்ன வழி ஒன்று உண்டு. தலைப்பை மறைத்துவிட்டு, மீதி ஸ்லைடை அந்தப் பாடம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டி, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பது. அவர் சொல்வதும் தலைப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், மாற்றவேண்டியது தலைப்பைத்தான்.