அக்காவின் விருந்தும் செயலியின் மறதியும்

கிள்ளானில் எங்கள் வரிசையில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே விருந்துச் சமையல் செய்து கொடுக்கிறார். பிறந்தநாள், காதணி விழா, சிறிய நிச்சயதார்த்தம் என்று வாரத்திற்கு ஒன்றிரண்டு ஆர்டர் வரும். கணக்குப் போடவும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதவும் கைப்பேசியில் உள்ள ஓர் உரையாடல் செயலியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறார். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்வதால் அவருக்கு அது வசதியாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, சனிக்கிழமை நடக்கவிருந்த பிறந்தநாள் விருந்தைப் பற்றி அதனிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது பேர், எலுமிச்சைச் சாதம், கோழிப் பிரட்டல், பச்சடி, கேசரி. கூடவே, பிறந்தநாள் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது, சாப்பிட்டால் மூச்சுத் திணறும் என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை சந்தைக்குப் புறப்படும் முன் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, "நாளைய விருந்துக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல் கொடு" என்று கேட்டார்.

பட்டியல் வந்தது. அக்காவின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறியது. நாற்பது பேர் என்பதும் எலுமிச்சைச் சாதமும் சரியாக இருந்தன. ஆனால் பட்டியலின் நடுவில், தாளிப்புக்கு நிலக்கடலை ஒரு கிலோ என்று இருந்தது.

நல்லவேளையாக அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. மாலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பேரைச் சொல்லுது, நாற்பது பேருன்னு சொல்லுது, கடலையை மட்டும் எப்படி மறந்துச்சு? நேத்துதானே சொன்னேன்!" என்று கேட்டார். இந்த வாரம் அந்தக் கேள்விக்கான பதிலைப் பார்ப்போம்.

முதலில், அதற்கு உண்மையில் நினைவு இல்லை

இந்தச் செயலிகளின் மூளையாக இருப்பது மொழி மாதிரி எனப்படும் மென்பொருள். அது ஏற்கெனவே பயிற்சி பெற்று முடிந்த ஒன்று. நீங்கள் பேசும்போது நீங்கள் சொல்வது அதனுள்ளே போய்ப் பதிவதில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் கேள்வி அனுப்பும்போதும், அந்த உரையாடலில் அதுவரை நடந்த பேச்சு முழுவதும் மறுபடியும் அதன் முன் வைக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பதிலை எழுதுகிறது.

தினமும் நினைவு அழிந்துபோகும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் மேசைமேல் எந்தக் கோப்பு இருக்கிறதோ அதை மட்டுமே அறிவார். ஒரே உரையாடலில் தொடர்ந்து பேசினால் அந்தக் கோப்பு மேசைமேல் இருக்கும். புதிய உரையாடலைத் திறந்தால் மேசை காலியாகிவிடும்.

அப்படியானால் அக்காவின் பெயரும் நாற்பது பேரும் எப்படித் தெரிந்தன? குமாஸ்தா நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் மேசையில் வேறு யாரோ சில குறிப்புகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த "யாரோ" செயலியின் நினைவு வசதி. அது இரண்டு விதமாக வேலை செய்கிறது.

குறிப்பேடும் பழைய கோப்புகளும்

பலரிடம் இருப்பதால் ChatGPT செயலியையே எடுத்துக்கொள்வோம். பிற செயலிகளிலும் இதைப் போன்ற வசதிகள் உள்ளன, பெயர்கள்தான் மாறும்.

முதலாவது, குறிப்பேடு. அமைப்புகளில் இதன் பெயர் Reference saved memories. நீங்கள் "இதை நினைவில் வைத்துக்கொள்" என்று சொன்னாலோ, பின்னால் உதவும் என்று செயலியே கருதினாலோ, ஒரு சிறிய வாக்கியம் அந்தக் குறிப்பேட்டில் ஏறும். "கிள்ளானில் வீட்டுச் சமையல் தொழில் செய்கிறார்" என்பது போல. அதன்பின் நீங்கள் எந்தப் புதிய உரையாடலைத் திறந்தாலும் அந்த வாக்கியங்கள் மேசைமேல் வந்துவிடும். 2024 பிப்ரவரியில் சிலரிடம் சோதனையாகத் தொடங்கிய வசதி இது. அக்காவின் பெயர் இங்கிருந்துதான் வந்தது.

இரண்டாவது, பழைய கோப்புகள். இதன் பெயர் Reference chat history. 2025 ஏப்ரலில் கட்டணம் செலுத்துவோருக்கு வந்தது; ஜூன் மாதம் இலவசமாகப் பயன்படுத்துவோருக்கும் குறைந்த அளவில் கிடைத்தது. நீங்கள் முன்பு நடத்திய உரையாடல்களிலிருந்து பயன்படக்கூடிய தகவல்களைச் செயலி தானாகவே எடுத்துப் புதிய உரையாடலில் சேர்க்கிறது. நாற்பது பேரும் எலுமிச்சைச் சாதமும் இந்த வழியாகத்தான் வந்தன.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம் உள்ளது. குறிப்பேட்டில் உள்ளதை நீங்கள் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். பழைய கோப்புகளிலிருந்து எது எடுக்கப்படும், எது விடுபடும் என்பதை நீங்கள் முன்கூட்டியே பார்க்க முடியாது. பேசிய ஒவ்வொரு விவரத்தையும் அது வைத்திருப்பதில்லை. பேச்சின் பெரிய விஷயங்கள் வரும். இடையில் ஒரே ஒரு முறை சொன்ன விஷயம் விடுபடலாம். அக்கா கடலையைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வரி. ஆனால் விருந்திலேயே முக்கியமான வரி அதுதான்.

விடுபட்டதும் அது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. மேசைமேல் இல்லாத ஒன்று விடுபட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? எலுமிச்சைச் சாதத்திற்கு வழக்கமாக என்ன போடுவார்களோ அதைப் போட்டு இடைவெளியை நிரப்பிவிடும். எதுவுமே நினைவில்லாத செயலியிடம் நாம் எல்லாவற்றையும் மறுபடியும் சொல்வோம். பாதி நினைவுள்ள செயலிதான் நம்மை அசர வைக்கும். பெயரைச் சொல்லி அழைத்ததும், மற்றதும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

உங்கள் செயலி எப்படி என்று சோதிக்க

ஐந்து நிமிடம் போதும். ஓர் உரையாடலில், "என் பாட்டி வீட்டில் மூன்று மாமரங்கள் இருந்தன, நடுவில் இருந்தது மட்டும் காய்க்காது" என்று வேறு ஏதாவது பேச்சுக்கு நடுவே சொல்லுங்கள். நினைவில் வை என்று சொல்ல வேண்டாம். பிறகு புதிய உரையாடலைத் திறந்து, "என் பாட்டி வீட்டில் எந்த மரம் காய்க்காது?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்லலாம், மரங்களை மட்டும் சொல்லி நடுமரத்தை விட்டுவிடலாம், ஒன்றும் தெரியாது என்றும் சொல்லலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் மாறினால் வியப்படைய வேண்டாம்.

அடுத்து Settings சென்று Personalization என்பதைத் திறந்து, Memory பகுதியில் குறிப்பேட்டைப் பாருங்கள். மாமரம் அங்கே வாக்கியமாக இருந்தால், அது இனி ஒவ்வொரு உரையாடலுக்கும் வரும். இல்லையென்றால், பழைய கோப்புகளின் தயவில்தான் இருக்கிறது என்று பொருள்.

அக்காவும் நானும் அவர் செயலியில் இப்படித் தேடிப் பார்த்தோம். தொழில் இருந்தது, ஊர் இருந்தது, தமிழில் பதில் வேண்டும் என்பது இருந்தது. கடலை இல்லை.

அழித்தால் அழிந்துவிடுமா?

குறிப்பேட்டைப் பார்த்தபோது அக்காவுக்கு இன்னோர் அதிர்ச்சி. மூன்று மாதங்களுக்கு முன் கணவரின் மருத்துவப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தாராம். அந்த உரையாடலை அப்போதே அழித்துவிட்டார். ஆனால் "கணவருக்கு நீரிழிவு உள்ளது" என்ற வரி குறிப்பேட்டில் அப்படியே இருந்தது.

உரையாடலும் குறிப்பேடும் தனித்தனி. உரையாடலை அழித்தால் அதிலிருந்து எடுத்து எழுதிய குறிப்பு அழியாது. குறிப்பை அழித்தால், அதைச் சொன்ன பழைய உரையாடல் அங்கேயே இருக்கும். அதிலிருந்து மறுபடியும் எடுக்கப்படலாம். குறிப்பேட்டு வசதியை நிறுத்தி வைப்பதும் அழிப்பதாகாது. ஏற்கெனவே எழுதியவை அப்படியே இருக்கும். ஒரு விஷயம் முழுதாகப் போக வேண்டுமென்றால் குறிப்பையும் அழிக்க வேண்டும், அது பேசப்பட்ட உரையாடலையும் அழிக்க வேண்டும்.

முதலிலேயே பதிய வேண்டாம் என்றால் Temporary Chat என்ற வழி இருக்கிறது. அதில் பேசுவது குறிப்பேட்டில் ஏறாது, உரையாடல் பட்டியலிலும் தெரியாது. ஆனாலும் பாதுகாப்புக் காரணத்திற்காக அதன் நகலை 30 நாள் வரை நிறுவனம் வைத்திருக்கலாம். ஆகவே அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு போன்றவற்றை அங்கும் எழுத வேண்டாம்.

வீட்டில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல் உண்டு. குறிப்பேடு ஒன்றுதான். பேரன் பள்ளிப் பாடத்திற்குத் திறக்கும்போது தாத்தாவின் மருந்து விவரம் பதிலில் எட்டிப் பார்க்கலாம். தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

அக்கா இப்போது என்ன செய்கிறார்?

ஒவ்வொரு விருந்துக்கும் ஓர் உரையாடல் என்று வைத்து, அதற்கு வாடிக்கையாளர் பெயரும் தேதியும் கொண்ட தலைப்புக் கொடுத்திருக்கிறார். மறுநாள் பேசினாலும் புதிதாகத் திறக்காமல் அதே உரையாடலுக்குள் போகிறார். அப்போது கோப்பு முழுதும் மேசைமேல் இருக்கும். ஆனால் ஒரே உரையாடலை மாதக்கணக்கில் நீட்டுவதும் கூடாது. மேசைக்கும் அளவு உண்டு. மிக நீண்டுவிட்டால் தொடக்கத்தில் சொன்னவை விடுபடத் தொடங்கும்.

மாறாத விஷயங்களை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்கிறார்: அவர் தொழில், கோழிக்கும் ஆட்டுக்கும் அவர் வைத்திருக்கும் அளவுகள், ஹலால் பொருள் மட்டுமே வாங்குவது. ஏற்றிய பிறகு குறிப்பேட்டைத் திறந்து, வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு விருந்துக்கு மட்டும் உரியதை அங்கே ஏற்றுவதில்லை. இல்லாவிட்டால் அடுத்த வாரம் கடலை கேட்கும் வாடிக்கையாளருக்கும் கடலை இல்லாமல் பட்டியல் வரும்.

ஒவ்வாமையை மட்டும் அவர் செயலியை நம்பி விடுவதில்லை. பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, ஒரு விருந்துக்கு ஒரு பக்கம் என்று, முதல் வரியில் சிவப்பு மையில் எழுதி வைக்கிறார். பட்டியல் கேட்கும்போது அந்த வரியைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார். வந்த பட்டியலையும் அதே வரியோடு ஒப்பிட்ட பிறகுதான் சந்தைக்குப் போகிறார்.

போன வாரம் பார்த்தபோது சொன்னார்: "அதுக்கு என் பேரு தெரியுது தம்பி. ஆனா பிள்ளைக்கு ஆகாததை நான்தான் தெரிஞ்சு வச்சிருக்கணும்."