கையெழுத்து ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்பாதீங்க

மக்களே, இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்லை. ஒரு தாளைப் பத்தி. தொண்டு நிறுவனம், டிரஸ்ட், மருத்துவ முகாம்னு எதிலாவது இருக்கீங்கன்னா முழுசாப் படிங்க. கொஞ்சம் நீளமான இழை.

நான் மாசம் ஒரு ஞாயிறு ஒரு சின்ன ஊர்ல ஹெச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் ஆதரவுக் குழுக் கூட்டத்துக்குப் போவேன். முப்பது, நாற்பது பேர் வருவாங்க. டீ, சுண்டல், சந்தேகம் கேட்பது, மாத்திரையை விட்டவங்களைத் திரும்பச் சேர்ப்பது. செலவுக்கு ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். நிதி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை "அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட்" கேட்பாங்க.

எங்க பையன் என்ன செஞ்சான்? பெயர், வயது, ஊர், போன் நம்பர், கையெழுத்து இருந்த ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டான். தாளுக்கு மேலே பெரிய எழுத்துல கூட்டத்தின் பெயர். அந்தத் தலைப்புக்குக் கீழே ஒருத்தர் பெயர் இருந்தாலே அது ஒரு லேப் ரிப்போர்ட்தான். அந்தப் போட்டோ நாலு கை மாறி, பட்டியலில் இருந்த ஒரு பெண்ணின் சொந்தக்காரர் போனுக்கே வந்துடுச்சு. அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரலை. அதுக்கு அடுத்ததுக்கும் வரலை. பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அந்த ஷீட்டை அச்சடிச்சப்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

"டோனர் கேட்டா குடுத்துத்தானே ஆகணும் டாக்டர்?" இல்லைங்க. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம், ஒருத்தரின் நிலையை அவர் சம்மதமில்லாம வெளியில் சொல்லக்கூடாதுன்னு சொல்லுது. இந்தத் தகவல் வெச்சிருக்கும் எந்த நிறுவனமும் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செஞ்சிருக்கணும்னும் சொல்லுது. எண்ணிக்கையாகத் தரலாம், ஆனா அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியக்கூடாது.

அதே சமயம், நிதி குடுக்கிறவங்க சந்தேகமும் நியாயம்தான். பத்து பேரை உட்கார வெச்சு அறுபதுன்னு எழுதுற கூட்டம் நம்ம ஊர்ல இல்லையா என்ன? அவங்களுக்கு வேண்டியது மூணு: எத்தனை பேர், எப்படிப்பட்டவங்க, நிஜமா வந்தாங்களா. இதில் "யார்" எங்கேயும் இல்லை.

முதல்ல பதிவேடு. இப்போ எங்க ஷீட்டில் தலைப்பு கிடையாது. தேதி, கூட்டத்தின் எண், ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறியீடு, அவ்வளவுதான். கே-07, கே-22 மாதிரி வந்த வரிசையில் குடுத்த வெறும் எண். போன் நம்பரின் கடைசி நாலு இலக்கம் வேண்டாம், கூட்டு மருந்து சிகிச்சை மையம் குடுத்த நம்பர் வேண்டவே வேண்டாம். அந்த நம்பர் வேற இடத்திலும் இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஆள் வெளியே வந்துடுவார். எந்தக் குறியீடு யாருடையதுன்னு ஒரே ஒரு நோட்டில் இருக்கு. அது ஆலோசகர் அக்காவின் பூட்டுப்போட்ட பீரோவில். ஸ்கேன் கிடையாது, போட்டோ கிடையாது.

கையெழுத்துக்கு வருவோம். பெயர்ப் பத்தியை மட்டும் மறைச்சு, கையெழுத்தை அப்படியே விட்டு அனுப்புறாங்க பலர். ஐயா, நம்ம ஊர்ல பாதிப் பேர் கையெழுத்துன்னா முழுப் பெயரைத் தமிழ்ல அழகா எழுதுறதுதான்! கைரேகை இன்னும் மோசம். எங்க ஷீட்டில் குறியீட்டுக்கு நேரே அவங்க கையாலே ஒரு டிக். கூட்டம் முடிஞ்சதும் ஆலோசகர் ஒருபக்கம், உறுப்பினர் அல்லாத இன்னொருத்தர் ஒருபக்கம், தனித்தனியா தலை எண்ணி, எண்ணிக்கையை எழுதி, கீழே அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. டிக், தலை எண்ணிக்கை, டீக்கடை பில் மூணும் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். 34 டிக் இருந்து 21 டீன்னா, நானே முதல்ல கேள்வி கேட்பேன்.

அடுத்து கணக்கு. போன காலாண்டில் மூணு கூட்டம்: 34, 31, 37. கூட்டினா 102. இதை "102 பேர் பயனடைந்தனர்"னு எழுதினா பொய். அது வருகை எண்ணிக்கை. குறியீட்டை வெச்சு எண்ணினா ஆட்கள் 46 பேர். ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. குறியீடு இருக்கிறதாலதான் பெயரே இல்லாம இதைச் சொல்ல முடியுது.

அந்த 46இல் பெண்கள் 26, ஆண்கள் 17, திருநங்கையர் 3. இதை அப்படியே அனுப்பலாமா? அந்த ஊர்ல திருநங்கையர் எத்தனை பேர் இருப்பாங்க? "3"ன்னு எழுதினா டீக்கடையில் உட்கார்ந்து மூணு பேரையும் விரல்விட்டுச் சொல்லிடுவாங்க. சரி, அந்தக் கட்டத்தை மட்டும் கோடு போட்டு மறைச்சா? மொத்தம் 46, பெண்கள் 26, ஆண்கள் 17. கழிச்சா 3. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

அதனால நாங்க எழுதினது: பெண்கள் 26, ஆண்களும் திருநங்கையரும் சேர்ந்து 20. ஐந்துக்குக் கீழே எந்த எண்ணும் தனியா நிற்கக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி. வயதும் அப்படித்தான். 18–29இல் 7, 30–44இல் 21, 45–59இல் 15, 60க்கு மேல் 3. கடைசி ரெண்டையும் சேர்த்து "45க்கு மேல் 18". பாலினம், வயது, ஊர் மூணையும் ஒரே அட்டவணையில் குறுக்கே போடவே மாட்டோம். அப்படிப் போட்டா எல்லாக் கட்டமும் ஒண்ணு, ரெண்டுன்னு ஆகிடும்.

இதில் ஒரு வலி இருக்கு, மறைக்க விரும்பலை. சேர்த்து எழுதினா திருநங்கையர் ரிப்போர்ட்டிலிருந்தே காணாமப் போறாங்க, அவங்களுக்கான நிதியும் போகலாம். எனக்குத் தெரிஞ்ச வழி, அந்த எண்ணை ஊர்வாரியா இல்லாம, எல்லா ஊர்க் கூட்டங்களையும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை குடுப்பதுதான். எண் பெரிசானா ஆள் மறைவார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஏமாறாதீங்க. எக்செல்லில் பெயர்ப் பத்தியை 'ஹைட்' பண்ணினா அது அங்கேயேதான் இருக்கு, ரெண்டு கிளிக்கில் திரும்ப வரும். பிவட் டேபிள் மட்டும் அனுப்பினாலும், மொத்த எண் மேல டபுள் கிளிக் பண்ணினா அடியில் இருக்கும் வரிசை எல்லாம் கொட்டும். போன்ல கறுப்பு மார்க்கரால் அடிச்ச பெயர், வெளிச்சத்தைக் கூட்டினா சில சமயம் தெரியும். எண்களைப் புதுத் தாளில் திரும்ப டைப் பண்ணி அனுப்புங்க. பத்து எண் டைப் பண்ண பத்து நிமிஷம் ஆகுமா?

போட்டோ கேட்டா, வாசல்ல கிடக்கும் செருப்பைத்தான் எடுத்து அனுப்புறோம். சிரிக்காதீங்க, எண்ணிப் பார்த்தா ஆள் கணக்கு வந்துடும்! (செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்றவங்களும் நம்ம ஊர்ல உண்டு, அதனால தூரத்துல இருந்து.)

"ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார், பஸ் காசு வவுச்சரில் பெயர் வேணும்"னு சொல்வாங்க. வவுச்சரிலும் குறியீடுதான். ஆடிட்டர் ரகசிய உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுட்டு நேரில் வரட்டும். அவர் இஷ்டத்துக்கு அஞ்சு குறியீடு சொல்லட்டும், ஆலோசகர் நோட்டைத் திறந்து அந்த அஞ்சு வரியை மட்டும் காட்டுவார். அதுக்கும் அந்த அஞ்சு பேரிடம் முன்கூட்டியே எழுத்துல சம்மதம் வாங்கியிருக்கணும், தர மாட்டேன்னவங்க குறியீட்டைத் தவிர்த்துடணும். "சரிபார்த்தேன், ஒத்துப்போகிறது"ன்னு அவர் தரும் ஒரு பக்கக் கடிதம்தான் டோனருக்குப் போகும்.

எங்க டோனர் முதல்ல முகம் சுளிச்சாங்க. "மத்த டிரஸ்ட் எல்லாம் பெயரோட தர்றாங்களே"ன்னு கேட்டாங்க. சரி சார், உங்க ஆபீஸ்ல போன வருஷம் சர்க்கரை, பிரஷர், மனநலம்னு டாக்டரைப் பார்த்தவங்க லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்களான்னு திருப்பிக் கேட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு புது ரிப்போர்ட்டை ஏத்துக்கிட்டாங்க. இப்போ ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துட்டோம்: எண்ணிக்கை அனுப்பப்படும், மூலப் பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே போகாது, வேண்டுமானால் சம்மதம் தந்தவர்களின் வரியை நேரில் சரிபார்க்கலாம். இதைப் பணம் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க, வந்த பிறகு பேசினா நம்ம குரல் தானா இறங்கிடும்.