முன்பணம் கேட்டால் விலகுங்கள்

தூத்துக்குடியில் கப்பல் வேலைக்கு ஆளெடுப்பதாகச் சொல்லும் ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வசூலிக்க உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அனுமதியில்லை. விசா செலவும் கப்பல் உரிமையாளருடையது. கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமத்தின் எண்ணையும் காலாவதித் தேதியையும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழ் படம் எதற்கும் உதவாது. வேறொரு நிறுவனத்தின் எண்ணைப் போட்டு ஏமாற்றுவது மிக எளிது.

ஒப்பந்தம் விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டும். அதில் கப்பலின் பெயரும் ஐஎம்ஓ எண்ணும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். மொத்தச் சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், விடுப்பு ஊதியம் ஆகியவை தனித்தனியே எவ்வளவு என்று கேளுங்கள். 'ஒன்பது மாதம், ஒரு மாதம் கூடக் குறைய' என்றிருந்தால் பத்து மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து கப்பலில் வைத்திருப்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு எதிரானது.

சுற்றுலா விசாவில் துபாய் போய்க் கப்பலேறச் சொன்னால், புறப்படாதீர்கள். இயக்குநரகத்தில் புகார் கொடுங்கள்.