அத்தை பிள்ளை பெறவே இல்லை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ. உடற்பயிற்சி உடையில் ஒரு பெண் சிரித்த முகமாகச் சொல்கிறார்: "அறுபது தாண்டின அம்மாக்களுக்கு யூரின் லீக் ஆகுதுன்னா, பிரசவத்துல மசில் லூசாயிருச்சுன்னு அர்த்தம். தினமும் நூறு தடவை இறுக்கிப் பிடிங்க, போதும்." கீழே கும்பிடு பொம்மைகள் வரிசை கட்டின. ஒரு சித்தி எழுதினார், "நாலு பெத்த உடம்பு, வேற எப்படி இருக்கும்?" மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன், "தண்ணியக் கொறைச்சா சரியாப் போகும் சித்தி" என்று இலவச வைத்தியம் பார்த்தான்.

அந்தக் குழுவிலேயே என் அத்தையும் இருக்கிறார். அப்பாவின் அக்கா. எழுபது வயது. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கர்ப்பமே தரித்ததில்லை. இன்றைக்கும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவார். அவருக்குக் கசிகிறது. எந்தப் பிரசவத்தில் எந்தத் தசை தளர்ந்ததாம்?

பிள்ளை பெறாதவர்களுக்கும் கசியும் என்பது அத்தையோடு முடிகிற சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் பிள்ளை பெறாத கன்னியாஸ்திரிகளிடம் இதைப் பற்றி விசாரித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கசிவு இருந்தது. அவர்களுக்கும் நம் சித்தி "நாலு பெத்த உடம்பு" என்று சொல்வாரா?

அத்தைக்கு வீசிங் உண்டு. மார்கழி மாதம் அவர் இருமினால் பக்கத்து வீட்டு விளக்கு எரியும். அந்த இருமலில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. தும்மினாலும் இல்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் இல்லை. ஆனால் கடைக்குப் போய்விட்டு வந்து வாசல் பூட்டில் சாவியை நுழைக்கும் நேரத்தில் திடீரென்று முட்டிக்கொண்டு வரும். கதவு திறப்பதற்குள் புடவை நனைந்துவிடும், அதுவும் சொட்டுச் சொட்டாக இல்லை, தாராளமாக. குழாயைத் திறந்து கை கழுவினாலும் இதே கதைதான்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டாம். கதவின் தாழ்ப்பாள் தளர்ந்திருப்பது வேறு, உள்ளே இருக்கிற ஆள் கதவை எட்டி உதைப்பது வேறு. இடுப்புத்தளத் தசையும் சிறுநீர்ப்பாதையை மூடும் தசையும் தளர்ந்தவருக்கு, வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசியும். இருமல், தும்மல், வாய்விட்டுச் சிரிப்பு, குனிந்து பாத்திரம் தூக்குவது, இதெல்லாம் அழுத்தம் ஏறும் நேரங்கள். கசிவது கொஞ்சம். அந்த நொடியில் 'போக வேண்டும்' என்ற அவசரம் இருக்காது. படுத்துத் தூங்கினால் பெரும்பாலும் தொந்தரவில்லை. அத்தைக்கு நடப்பது இரண்டாவது வகை. சிறுநீர்ப்பையின் சுவரே ஒரு தசைதான். பை நிறையும்வரை அது அமைதியாக விரிந்துகொடுக்க வேண்டும், நாம் உட்கார்ந்து அனுமதி கொடுத்த பிறகே சுருங்க வேண்டும். அத்தையின் பை அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. பாதி நிறைவதற்குள் தானாகச் சுருங்குகிறது. டாக்டர்கள் இதை 'ஓவர்ஆக்டிவ் பிளாடர்' என்கிறார்கள். அடிக்கடி போவது, ராத்திரி இரண்டு மூன்று முறை எழுவது, அடக்க முடியாத அவசரம், எல்லாம் இதன் குடும்பம். அத்தையின் தாழ்ப்பாள் கெட்டி. சந்தேகமிருந்தால் மார்கழியில் வந்து இருமலைக் கேளுங்கள்.

ஏன் இப்படிச் சுருங்குகிறது என்றால், பலருக்குத் தனியாக ஒரு காரணம் அகப்படுவதில்லை. பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டுப் பிரச்சினை போன்ற நரம்புக் கோளாறுகளில் வரும். கட்டுப்படாத சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரி வேஷம் போடும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தப் பகுதியின் தோல் மெலிந்து எரிச்சல் கொடுப்பதும் ஒரு பங்கு. அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும். எந்த வீட்டிலாவது பாட்டிக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? மூட்டுவலித் தைலம் மட்டும் ஏழு பாட்டில் இருக்கும்.

அத்தை முதலில் போன கிளினிக்கில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இருமச் சொல்லிப் பார்க்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை இல்லை. "வயசாயிருச்சும்மா, கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாம்" என்று ஆலோசனை. அத்தை என்னைப் பார்த்தார். "ஒரு நாளும் வேலைக்குப் போகாத கர்ப்பப்பை, அதுக்கு ஏன்டி தண்டனை?" என்றார், வெளியே வந்ததும். நம் ஊரில் பெண்ணின் இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் குற்றவாளி கர்ப்பப்பைதான். அதை எடுத்தால் சிறுநீர்ப்பை சாந்தமாகிவிடும் என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதேபோல, பாதைக்கு அடியில் டேப் வைத்துத் தாங்கும் அறுவை சிகிச்சை, இருமினால் கசிகிறவருக்கு நல்ல பலன் தரும். அவசரம் மட்டுமே உள்ளவருக்கு அது வைத்தியமே இல்லை, சிலருக்கு அவசரத்தைக் கூட்டியும் விடும். தப்பான ஆளுக்குச் சரியான ஆபரேஷன் செய்வதும் தப்புதான்.

இரண்டாவது இடத்தில் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை கொடுத்தார்கள். அவசரத்துக்கான பழைய மருந்துதான். ஆனால் வாயை வறளச் செய்யும், மலத்தைக் கட்டும், வயதானவர்களின் நினைவைக் குழப்பும். எழுபது வயதில் முதலில் எடுக்க வேண்டிய மருந்து அது இல்லை. வாய் வறண்டதால் அத்தை கூடுதலாகத் தண்ணீர் குடித்தார், கூடுதலாக ஓடினார், எரிகிற அடுப்பை மறந்தார். உடனே குடும்பம் தீர்ப்பு எழுதியது: வயசு, மறதி. மாத்திரையை நிறுத்தியதும் மறதி போயிற்று. வயசு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான் மருந்துச் சீட்டை எடுக்காமல் ஒரு நோட்டை எடுக்கச் சொன்னார். மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனீர்கள், எப்போது கசிந்தது, எல்லாம் எழுத வேண்டும். அளக்க ஒரு பிளாஸ்டிக் மக். பி.டி. டீச்சரிடம் கேட்க வேண்டுமா, கட்டம் போட்டு எழுதினார். காலையில் எழுந்ததும் 300 மில்லி. அதன்பின் பகல் முழுக்க 60, 90, 80, 110 என்று பன்னிரண்டு தடவை. டாக்டர் அந்த முதல் எண்ணைத்தான் வட்டமிட்டார். காலையில் 300 பிடிக்கிற பை பகலில் 80க்கே அலறுகிறது என்றால், பை சுருங்கிப்போகவில்லை, தசை தளரவில்லை. பொய் அலாரம் அடிக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. டிகாஷன் காபி நாலு டம்ளர், ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை மணியில் ஓட்டம். சிறுநீரில் தொற்று இல்லை, சர்க்கரை சரி. சிறுநீர் போன பிறகு ஸ்கேனில் மிச்சம் 30 மில்லி, அது கவலைப்படும் அளவில்லை. மிச்சம் நிறைய இருந்திருந்தால் கதையே வேறு. பை காலியாகாமல் வழிகிறது என்று அர்த்தம், அதற்கு வேறு வைத்தியம்.

வைத்தியம் என்ன தெரியுமா? காபியை ஒன்றாகக் குறைத்தல். மலச்சிக்கலைச் சரிசெய்தல். பிறகு பைக்குப் பயிற்சி. முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும். அதற்கு முன்னால் அவசரம் வந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல இடுப்புத்தளத் தசையை வெடுக் வெடுக்கென்று ஐந்தாறு முறை இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் பையின் சுருக்கத்தை அடக்கும். அலை தணிந்தபின் மெதுவாக நடந்து போக வேண்டும். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஆறு வாரமாவது செய்தால்தான் பலன் தெரியும். அத்தைக்கு இரண்டு மாதத்தில் பகல் இடைவெளி இரண்டரை மணியைத் தாண்டியது. வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிதானமாக நிற்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஆட்களோ இத்தனை நாளும் "ஓடுங்க, சீக்கிரம் ஓடுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தோம். ஓட்டம்தான் அவசரத்தைக் கூட்டிப் புடவையை நனைத்தது.

அந்த வீடியோப் பெண்ணும் இறுக்கத்தானே சொன்னார் என்று யாராவது கிளம்புவார்கள். இறுக்குவது நல்லதுதான். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் சொன்னது முதல் தளர்ந்த தசைக்கு அதுவே முதல் மருந்து. நூறு எண்ணிக்கை கிடையாது, சரியான தசையைச் சரியாகப் பிடித்து, பல வாரம். அவசரக்காரருக்கு அதே இறுக்கம் வேறு வேலைக்கு, வேறு நேரத்தில், வேறு வேகத்தில். இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய உண்டு. அவர்களுக்கு எது அதிகத் தொல்லையோ அதை முதலில் கவனிப்பார்கள். பயிற்சி போதாவிட்டால் மிராபெக்ரான் மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பையின் சுவரில் போட்டாக்ஸ் ஊசி, கணுக்கால் அருகே நரம்பைத் தூண்டும் சிகிச்சை. யாருக்கு எது என்று தெரியாமல் ஒரே வீடியோவை எல்லாப் பாட்டிக்கும் அனுப்புவது, ஒரே மூக்குக்கண்ணாடியை ஊருக்கெல்லாம் மாட்டுகிற புண்ணியம்.

மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும், மலம் இறுகும், தொற்று வரும். தொற்று என்று ஊகித்து, பரிசோதிக்காமலேயே ஐந்து நாள் ஆண்டிபயாடிக்கை நீயே நீட்டுவாய். கால் வீங்கி, 'நீர் மாத்திரை'யைச் சாயங்காலம் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க எழுகிற பெண்களிடம், அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாயா?

பெண்கள் தண்ணீர் குடிக்காமலிருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை எந்த வீடியோவும் காட்டாது. பஸ் ஸ்டாண்டில் 'கட்டணமில்லாக் கழிப்பிடம்' என்று பெயிண்ட் அடித்த சுவருக்கு அடியிலேயே ஒருவர் மேஜை போட்டுப் பெண்களிடம் காசு வாங்குகிறார். ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாண மண்டபத்தில் கழிப்பறை மாடியில் இருக்கிறது. மூட்டு தேய்ந்த அம்மாள் படியேறுவதற்குள் என்ன ஆகும்? அதனால்தான் அவர் கல்யாணத்துக்கே வருவதில்லை. வந்தவர்கள் "பெரியம்மாவுக்குத் தலைக்கனம்" என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியாரோ வெளியூர்ப் பயணத்தைத் தட்டிக்கழித்தால், தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். இருமினால் வருகிறதா, இல்லை கதவைத் திறப்பதற்குள் வருகிறதா? பதிலோடு மூன்று நாள் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கசிவோடு கால் மரத்துப்போனாலோ, முக்கினாலும் சரியாகப் போகாவிட்டாலோ நோட்டுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். நோட்டையும் பார்க்காமல், சிறுநீரையும் பரிசோதிக்காமல் கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.